மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் நள்ளிரவில் சத்தம் போடுவதாகப் பக்கத்து வீடுகளில் இருந்து திரும்பத் திரும்பப் புகார் வருகிறது. ஒப்பந்தத்தைக் காட்டி எச்சரிக்கைக் கடிதம் எப்படி எழுதுவது?

நீங்கள் தமிழ்நாட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். வாடகை ஒப்பந்தங்களும் இப்படிப்பட்ட கடிதங்களும் எழுதிக் கொடுப்பது என் வேலை. கோபத்தில் எழுதிய கடிதங்கள் பின்னால் எதற்கும் உதவாமல் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து, சத்தம் சம்பந்தமான நிபந்தனையைத் தேடுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் "அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரக் கூடாது" என்று பொதுவாகத்தான் இருக்கும், நேரம் எதுவும் இருக்காது. அதை அப்படியே, எண்ணோடு, ஒரு சொல்லும் மாற்றாமல் கடிதத்தில் எழுதுங்கள். "பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று கையெழுத்துப் போட்டீர்களே" என்று இல்லாததைச் சேர்க்காதீர்கள். பத்து மணி என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருந்து வருவது. இரவு 10 முதல் காலை 6 வரை அந்த விதிகள் இரவு நேரம் என்று கொள்கின்றன. குடியிருப்புப் பகுதிக்கு அந்த இரவு நேரத்தில் வரம்பு 45 டெசிபல். ஒப்பந்த நிபந்தனையையும் இரவு நேரத்தையும் தனித்தனியாகச் சொன்னால் போதும்.

அடுத்து, புகார் சொன்னவர்களிடம் தேதியும் நேரமும் கேட்டு வாங்குங்கள். "தினமும் கூத்தடிக்கிறார்கள்" என்று எழுதினால், அவர்கள் ஊரில் இல்லாத ஒரு நாளைக் காட்டி மொத்தத்தையும் மறுத்துவிடலாம். என்ன சத்தம் என்பதும் முக்கியம். இரவு ஷிப்ட் முடிந்து வருபவர் கேட்டைத் திறக்கும் சத்தமும், ஒரு மணி வரை ஓடும் ஸ்பீக்கரும் ஒன்றல்ல. முதலாவதுக்குக் கடிதம் எழுதுவது நியாயமில்லை, நேரில் பேசினாலே சரியாகிவிடும். புகார் சொன்னவரின் பெயரைக் கடிதத்தில் போடாதீர்கள்; அவர்கள் தினமும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டியவர்கள்.

இப்படி எழுதலாம்:

> தேதி: 30.3.2025
>
> ஐயா, வணக்கம். நமது வாடகை ஒப்பந்தத்தின் 9ஆம் நிபந்தனை: "வாடகைதாரர் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையோ இடையூறோ தரும் எந்தச் செயலையும் வீட்டில் செய்யக் கூடாது."
>
> 8.3.2025 சனிக்கிழமை இரவு 11.30 முதல் 1 மணி வரையிலும், 22.3.2025 சனிக்கிழமை இரவு 12 மணிக்கு மேலும் தங்கள் வீட்டில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடியதாக அக்கம்பக்கத்தார் புகார் செய்துள்ளனர். 9.3.2025 அன்று இதுபற்றித் தங்களிடம் நேரில் பேசினேன். அதன் பிறகும் நடந்திருப்பதால் எழுத்தில் தெரிவிக்கிறேன்.
>
> இரவு 10 முதல் காலை 6 வரை வீட்டுக்கு வெளியே கேட்கும்படி ஒலி எழுப்புவதை இக்கடிதம் கிடைத்தது முதல் நிறுத்த வேண்டும். மேலே சொன்னதில் தவறு இருந்தால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். மீண்டும் நடந்தால் ஒப்பந்தத்தின்படியும் சட்டப்படியும் நடவடிக்கை எடுக்க நேரிடும்.

"நிறுத்த வேண்டும்" என்ற வரிதான் இதில் உயிர். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தில், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி நோட்டீஸ் கொடுத்த பிறகும் அது தொடர்ந்தால், காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்றத்தை நாட இடமுண்டு. பொதுத் தொல்லை தரும் பயன்பாடும் அதில் அடங்கும். அதனால் நோட்டீஸ் கொடுத்ததற்கும், அதன் பிறகும் சத்தம் தொடர்ந்ததற்கும் உங்களிடம் சான்று இருக்க வேண்டும். ஆனால் இரண்டு சனிக்கிழமைப் பாட்டை வைத்து யாரையும் காலி செய்ய வைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். நீதிமன்றம் பார்ப்பது தொடர்ந்து நடக்கிறதா என்பதைத்தான்.

"தண்ணீரை நிறுத்துவேன்", "கரண்டைக் கட் பண்ணுவேன்", "நாளைக்கே காலி பண்ணு" என்ற வரிகள் கடிதத்தில் வரவே கூடாது. அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை அதே சட்டம் தடுக்கிறது. அப்படி எழுதினால், உங்கள் கடிதமே அவர்கள் கையில் உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தையும் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படமும் அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அப்புறம், கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு மறுபடி சத்தம் வந்தால் அந்தத் தேதியையும் நேரத்தையும் அன்றே குறித்து வையுங்கள். நடு இரவில் தாங்க முடியாமல் போனால் அக்கம்பக்கத்தார் 100க்கு அழைக்கலாம், அதற்கு உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.