கரண்ட் போன ராத்திரிக்கு, சார்ஜ் குடிக்காத கேம்

கேள்வி: பெங்களூரில் மழை வந்தாலே எங்கள் ஏரியாவில் நாலைந்து மணி நேரம் கரண்ட் இருப்பதில்லை. இன்வெர்ட்டரும் இல்லை. போன் பேட்டரியைத் தின்னாத கேம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. கரண்ட் இருக்கும்போதே பிளே ஸ்டோரில் Simon Tatham's Puzzles என்று தேடி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இலவசம், விளம்பரம் கிடையாது, நெட் வேண்டாம். உள்ளே முப்பதுக்கும் மேல் புதிர்கள். PuTTY என்ற கணினி மென்பொருளை எழுதிய அதே சைமன் டாதத்தின் தொகுப்பு இது. பார்க்க ரேஷன் கடை ரசீது மாதிரிதான் இருக்கும், மினுமினுப்பு எதுவும் இருக்காது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன், அது புரிந்துவிட்டால் மற்ற கேம்களையும் நீங்களே தரம் பிரித்துவிடலாம். பெரும்பாலான கேம்கள் நீங்கள் சும்மா உட்கார்ந்து யோசிக்கும்போதும் திரையை நொடிக்கு 30, 60 தடவை திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருக்கும். பின்னால் மேகம் நகரும், காசு பளபளக்கும், பொத்தான் துள்ளும். அதற்காக போனுக்குள் இருக்கும் சிப் ஓய்வே எடுக்காது. டாதம் புதிர்கள் அப்படியில்லை. நீங்கள் தொட்டால் ஒரு தடவை வரையும், அப்புறம் அடுத்த தொடுதல் வரை சும்மா இருக்கும். புதிர் என்றால் பத்தில் ஒன்பது பங்கு நேரம் யோசிப்பதுதானே. அவ்வளவு நேரமும் பெரும்பாலும் திரை விளக்குக்குத்தான் சார்ஜ் போகும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் Settings, About phone போய் Build number என்ற வரியை ஏழு தடவை தட்டினால் Developer options திறக்கும் (சில போன்களில் அந்த வரி இன்னும் ஒரு படி உள்ளே இருக்கும்). அதில் Show surface updates என்பதை இயக்குங்கள். திரை புதிதாக வரையப்படும் ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று மின்னும். இப்போது ஒரு கேமைத் திறந்து கையை எடுத்துவிடுங்கள். மின்னல் நின்றுவிட்டால் நல்ல கேம். யாரும் தொடாமலே விடாமல் மின்னினால் அது சார்ஜ் குடிக்கிற கேம். பார்த்து முடித்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள், கண் வலிக்கும். வலிப்பு உள்ளவர்கள் இந்தச் சோதனையே செய்ய வேண்டாம்.

எங்கள் வீட்டில் போன மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். தெருமுனை குல்மொஹர் மரக்கிளை ஒயர் மேல் விழுந்து, மாலை 6:40-க்குப் போன கரண்ட் 11 மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்தது. என் போன் 5000 mAh, சாதாரண LCD திரை, அப்போது 58% இருந்தது. முதல் ஒரு மணி நேரம் மகள் லூடோ ஆடினாள். விளம்பரம் வரும் ஓசி லூடோ. 58 என்பது 44 ஆகிவிட்டது. பின்பக்கம் கையில் வைத்தால் வெதுவெதுப்பு தெரிந்தது. போனைப் பிடுங்கி மொபைல் டேட்டாவை அணைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, புதிரைத் திறந்து கொடுத்தேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் 44-லிருந்து 39. கரண்ட் வந்தபோது 28% மீதி இருந்தது. லூடோவையே தொடர்ந்திருந்தால் பத்தே முக்கால் வாக்கில் போன் செத்திருக்கும். (நீங்களும் அளந்து பார்ப்பதானால் அரைமணி நேரமாவது விட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஒரு சதவீதம் ஏறி இறங்குவதை நம்ப முடியாது.)

அந்த லூடோ தின்றதில் விளம்பரத்துக்கும் பங்கு உண்டு. கரண்ட் போனால் வீட்டு வைஃபையும் போய்விடும், போன் டவரைத் தேடும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதே நேரத்தில் டேட்டாவுக்கு மாறுவார்கள். சிக்னல் வேறு ஒரு கோடு, இரண்டு கோடு என்று தள்ளாடும். டவர் சரியாகக் கேட்காவிட்டால் போன் கத்திப் பேச வேண்டியிருக்கிறது, கத்துவதற்கு சார்ஜ் செலவாகும். இந்த லட்சணத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கு நடுவிலும் ஒரு வீடியோ விளம்பரம் இறங்கினால் என்ன ஆகும்? டேட்டாவை மட்டும் அணைத்தாலே போதும், ஏரோப்பிளேன் மோட் தேவையில்லை. அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டால் எடுக்க வேண்டுமே. சிக்னலே இல்லாத மூலையில் இருப்பவர்கள் மட்டும் ஏரோப்பிளேன் மோட் போட்டுக்கொள்ளுங்கள்.

டார்க் தீம் போட்டால் சார்ஜ் மிச்சமாகும் என்பார்கள். AMOLED திரையானால் உண்மை, அதில் கருப்புப் புள்ளி என்றால் அணைந்த புள்ளி. LCD-யில் பலன் இல்லை. பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், கருப்பு என்பது அதை மறைக்கிற திரைச்சீலைதான். உங்களுடையது எது என்று தெரியவில்லையா? கரண்ட் போன இருட்டில் முழுக் கருப்பு போட்டோ ஒன்றைத் திறந்து பாருங்கள். திரை சாம்பல் நிறத்தில் லேசாக ஒளிர்ந்தால் LCD. எந்தத் திரையானாலும் வெளிச்சத்தைக் குறைப்பதுதான் பெரிய லாபம். இருட்டில் மிகக் குறைந்த வெளிச்சமே போதும். திரையை நொடிக்கு 90, 120 தடவை புதுப்பிக்கும் 90, 120 Hz போனாக இருந்தால் அதை 60-க்கு இறக்கிவிடுங்கள்.

செஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பலகை அசையாமல் இருக்கிறதே என்று நம்பி ஒரு ராத்திரி செஸ் ஆடினேன். ஆட்டம் முடிந்து அலசல் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஆன்ட்டி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "கரென்ட் பந்தா?", அதாவது வந்துவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டதற்குப் பதில் சொல்லப் போனேன். பேச்சு அரைமணி நீண்டது. திரும்பி வந்தால் 9% காணோம். திரை அணையாமல் எரிந்திருக்கிறது, உள்ளே Stockfish என்ஜின் ஒரே நிலையை விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. திரை அசையாவிட்டாலும் சிப் உழைக்கலாம், மேலே சொன்ன மின்னல் சோதனையில் இது சிக்காது. போன் சூடாவதுதான் அடையாளம். செஸ் ஆடுவதென்றால் ஒரே போனில் இருவர் மாறி மாறி ஆடுங்கள், அல்லது கணினியின் லெவலைக் குறைத்து ஆடி, அலசலைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாதம் தொகுப்பில் Bridges-லிருந்து ஆரம்பியுங்கள். வட்டங்களில் எண் இருக்கும், அந்த எண்ணிக்கைக்குக் கோடு இழுக்க வேண்டும். இரண்டு வட்டங்களுக்கு நடுவே அதிகபட்சம் இரண்டு கோடு, ஒன்றையொன்று வெட்டக்கூடாது, கடைசியில் எல்லா வட்டமும் இணைந்திருக்க வேண்டும். என் மகள் இப்போதெல்லாம் புதிரைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பார்த்து எழுதிக்கொள்கிறாள். இரண்டு நிமிடம் திரை எரியும், அப்புறம் அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பென்சிலால் போடுவாள். விடை வந்ததும் போனில் அதே கோடுகளை இழுத்துப் பார்ப்பாள். 15%க்குக் கீழே போனால் எங்கள் வீட்டில் இந்த ஒரு வழிக்குத்தான் அனுமதி.