செய்தது, செய்வது, செய்யவேண்டியது

*அம்மா, முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். குப்பைமேனி இலைச்சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று பார்த்ததைத் தமிழ் ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரையாக அனுப்பினேன். “செய்முறைப் பகுதியை வைத்து யாரும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது, காலமும் குழம்பியிருக்கிறது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பத்தி இதுதான்: “இலைகள் நன்கு உலர்த்தி அரைக்கப்படுகின்றன. பொடி 1:10 அளவில் எத்தனாலில் இரவு முழுவதும் ஊறவைக்கப்பட்டுள்ளது. இது 5000 ஆர்பிஎம் வேகத்தில் சுழற்றப்படும். சாறு இட்ட வட்டுகளைத் தட்டில் வைத்து, மறுநாள் தடுப்பு வட்டத்தை அளக்கவும். சோதனை மூன்று முறை செய்யப்பட்டது.” எங்கே திருத்துவது? — ஓர் ஆய்வு மாணவி*

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் பத்தியின் ஐந்து வாக்கியங்களும் ஐந்து விதமாக முடிகின்றன. அவை எங்கிருந்து வந்திருக்கும் என்பதை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. ‘அளக்கவும்’ என்பது ஆய்வகக் கையேட்டின் குரல். ‘சுழற்றப்படும்’ என்பது பதிவுக்காக நீங்கள் முதலாண்டில் எழுதிக் கொடுத்த ஆய்வுத் திட்டத்தின் குரல். ‘அரைக்கப்படுகின்றன’ என்பது பாடப்புத்தகத்தின் குரல். மூன்றையும் வெட்டி ஒட்டியதில் காலம் குழம்பியது. ‘ஊறவைக்கப்பட்டுள்ளது’ என்பது இறந்தகாலம் போலத் தோன்றினாலும், இப்போதும் ஊறிக்கொண்டிருக்கிறதோ என்ற ஐயத்தைத் தரும். ‘ஊறவைக்கப்பட்டது’ என்பதே போதும். ‘அட்டவணை 2 காட்டுகிறது’ என்பது போல இந்தக் கட்டுரையிலேயே கண்முன் இருப்பதைச் சொல்லும் இடத்தில் மட்டும் நிகழ்காலம் இருக்கலாம்.

ஆனால் வினைமுற்றுகளை ஒரே மூச்சில் மாற்றிவிடாதீர்கள். ‘சுழற்றப்படும்’ என்பது ஒரு திட்டம். ‘சுழற்றப்பட்டது’ என்பது ஒரு சாட்சியம். திட்டத்தில் 10 நிமிடம் என்று எழுதியிருந்து, அன்று கருவி பழுதாகி வடிதாளில் வடிகட்டி முடித்திருந்தால், இரண்டு எழுத்தை மாற்றியதால் உங்கள் கட்டுரையில் ஒரு பொய் ஏறிவிடும். ஆகவே ஆய்வகக் குறிப்பேட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வினைக்கும் அதில் தேதியிட்ட வரி இருக்கிறதா என்று பார்த்தபின் இறந்தகாலத்துக்கு மாற்றுங்கள். வரி இல்லாத வினை கட்டுரையில் இருக்கக் கூடாது. என் மாணவப் பருவத்தில் ஒரு கட்டுரையை இப்படிச் சரிபார்த்தபோது, இன்குபேட்டரின் வெப்பநிலையை ஒருநாள்கூட நான் குறித்து வைக்கவில்லை என்பது தெரியவந்து, அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி செய்ய நேர்ந்தது.

அடுத்தது பொருள் மயக்கம். ‘1:10’ என்பதை மூன்று பேர் மூன்று விதமாகச் செய்வார்கள். ஒருவர் 10 கிராம் பொடியில் 100 மி.லி. எத்தனால் ஊற்றுவார். மற்றொருவர் பொடியும் எத்தனாலும் சேர்ந்து 100 மி.லி. வரும்படி நிரப்புவார். எடைக்கு எடை என்று கொள்பவர் 100 கிராம் எத்தனால் எடுப்பார். அது சுமார் 127 மி.லி. ஆகும். விகிதத்தை விட்டுவிட்டு, எடுத்த பொடியின் எடையையும் ஊற்றிய எத்தனாலின் அளவையும் அப்படியே சொல்லுங்கள். எத்தனால் 70 சதவீதமா, 95 சதவீதமா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீர் கூடக்கூட இலையிலிருந்து இறங்கும் பொருள்களும் மாறும். ‘இது சுழற்றப்படும்’ என்பதில் ‘இது’ பொடி ஊறிய முழுக் கலவையா, வடித்த சாறா என்பதும் தெரியவில்லை. சுட்டுச்சொல்லை எடுத்துவிட்டுப் பொருளின் பெயரையே திரும்ப எழுதுங்கள். கூறியது கூறல் இங்கே குற்றமாகாது.

ஆர்பிஎம் என்பது சுழலியின் வேகம்தான். கலவையின் மீது விழும் விசை சுழலியின் ஆரத்தையும் பொறுத்தது. அந்த விசையைப் புவியீர்ப்பின் மடங்காக, அதாவது g கணக்கில், சொல்வதே RCF. RCF = 1.118 × 10⁻⁵ × r × N² என்ற சூத்திரத்தில் r சென்டிமீட்டரிலும் N ஆர்பிஎம்மிலும் இருக்க வேண்டும். 5000 ஆர்பிஎம்மில் ஆரம் 8 செ.மீ. என்றால் சுமார் 2240 g, 15 செ.மீ. என்றால் சுமார் 4190 g. உங்கள் எண்ணைப் பார்த்து வேறு கருவியில் செய்பவருக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு விசை கிடைக்கலாம். ஆகவே g மதிப்பைக் கொடுங்கள்.

மறுஆய்வாளர் அதிகம் சலித்துக்கொண்டிருப்பது கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் என்பது என் எண்ணம். வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தடுப்பு வட்டம் என்று நீங்கள் அளந்தது விட்டமா, ஆரமா? 6 மி.மீ. வட்டையும் சேர்த்தா, சேர்க்காமலா? ஒரே தட்டைப் பார்த்து ஒருவர் 14 என்றும் மற்றவர் 8 என்றும் எழுதலாம். இரண்டும் தவறில்லை, ஆனால் ஒப்பிட முடியாது. அகார் மெலிதாக ஊற்றப்பட்டால் வட்டம் பெரிதாகும். பாக்டீரியா அடர்த்தியாகப் பூசப்பட்டால் சிறிதாகும். எனவே அகாரின் தடிமனும் பூசிய கலங்கலின் அடர்த்தியும் சொல்லப்படாத வட்ட அளவுக்குப் பொருளில்லை. ‘மூன்று முறை’ என்பதோ இன்னும் மோசம். ஒரே தட்டில் மூன்று வட்டுகளா, ஒரே நாளில் மூன்று தட்டுகளா, தனித்தனியாகத் தயாரித்த சாற்றுடன் மூன்று வெவ்வேறு நாள்களா? முதலாவது உங்கள் கை எவ்வளவு நிதானமானது என்பதைத்தான் காட்டும். மூன்றாவதுதான் முடிவு மீண்டும் கிடைக்கிறதா என்பதைக் காட்டும்.

உங்கள் குறிப்பேட்டில் இந்த எண்கள் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கிறேன். உங்கள் எண்களை இட்டுக்கொள்ளுங்கள்.

“குப்பைமேனி இலைகள் 28–31 டிகிரி செல்சியஸில் 7 நாள்கள் நிழலில் உலர்த்தப்பட்டு, அரைக்கப்பட்டன. 10 கிராம் பொடியில் 100 மி.லி. 95% எத்தனால் ஊற்றப்பட்டு, அக்கலவை அதே வெப்பநிலையில் 16 மணி நேரம் மூடிய குடுவையில் வைக்கப்பட்டது. கலவை 2240 g விசையில் 10 நிமிடம் சுழற்றப்பட்டு, மேல்தெளிவு பிரிக்கப்பட்டது. மேல்தெளிவு 40 டிகிரியில் உலர்த்தப்பட்டு, எஞ்சிய பொருள் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. என்ற அளவில் 95% எத்தனாலில் கரைக்கப்பட்டது. இக்கரைசலில் 20 மைக்ரோலிட்டர், அதாவது 2 மி.கி. சாறு, 6 மி.மீ. வட்டு ஒவ்வொன்றிலும் இடப்பட்டு, எத்தனால் ஆவியாகும்வரை உலரவிடப்பட்டது. எத்தனால் மட்டும் இட்டு உலர்த்திய வட்டுகள் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டன. 4 மி.மீ. தடிமனுள்ள முல்லர்-ஹின்டன் அகாரில், 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கலுக்குச் சமமாக்கப்பட்ட ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பூசப்பட்டு, 15 நிமிடத்துக்குள் வட்டுகள் வைக்கப்பட்டன. தட்டுகள் 35 டிகிரியில் 18 மணி நேரம் வைக்கப்பட்ட பின், வட்டையும் உள்ளடக்கிய தடுப்பு விட்டம் மி.மீ.இல் அளக்கப்பட்டது. தனித்தனியாகத் தயாரித்த சாறுகளுடன் மூன்று வெவ்வேறு நாள்களில், நாளொன்றுக்கு மூன்று தட்டுகளில் சோதனை செய்யப்பட்டது.”

எத்தனால் வட்டு பற்றிய வாக்கியத்தை நானாகச் சேர்த்தேன். நீங்கள் அதை வைத்திருக்காவிட்டால் எழுத்தில் சேர்க்காதீர்கள்; சோதனையில் சேர்த்துவிட்டு எழுதுங்கள். பாக்டீரியா எந்தச் சேமிப்பகத்திலிருந்து வந்தது என்பதையும் அதன் வரிசை எண்ணையும் தவறாமல் கொடுங்கள்.

அனுப்புமுன், உங்கள் துறையில் இந்தச் சோதனையைச் செய்திராத ஒருவரிடம் இந்தப் பத்தியை மட்டும் கொடுத்து, ஆய்வகத்தில் நின்றபடி வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். அவர் உங்களை நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.