மாடலில் விழுந்த நிழல் சுவரில் விழவில்லை

கேள்வி: மேற்குச் சுவரில் வெயிலை மறைக்க மரப் பலகை லூவரும் சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் ஃபின்களும் கம்ப்யூட்டர் மாடலில் சேர்த்திருக்கிறேன். நிழல் சரியாகத்தான் விழுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் வடக்கைப் பாருங்கள், லூவரை அப்புறம் பார்க்கலாம். உங்கள் மாடலிலும் வடக்கு என்றால் தாளின் மேல்பக்கம்தானே? நான் மாட்டிக்கொண்டதே அங்கேதான்.

ஒரு இரண்டு மாடி வீடு. கைக்கு வந்த வரைபடப்படி சுவர் நேர் மேற்கு. 60 செ.மீ. ஆழத்தில் ஃபின்கள், நடுவே 20 செ.மீ. இடைவெளி. ஜூன் மாலையில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 20 டிகிரி வடக்கே தள்ளி நின்றது. 20 டிகிரிக்கு டேன் மதிப்பு 0.364. ஆழத்தை அதால் பெருக்கினால் நிழல் சுமார் 22 செ.மீ., இடைவெளியை மூடிவிடும். மாடலில் ஜன்னல் முழுக்க நிழல். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கட்டி முடித்த பிறகு பார்த்தால் அறைக்குள் பட்டை பட்டையாக வெயில். நிஜத்தில் அந்தச் சுவர் 20 டிகிரி வடக்கே திரும்பியிருந்தது. சூரியன் சுவருக்கு நேர் எதிரே. அப்போது ஃபின் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் தன் தடிமன் அளவுக்குத்தான் நிழல் போடும். வரைபடத்தில் வடக்கு அம்பு இருந்தது, அழகுக்கு. அதைப் போட்டவரை யாரும் கேட்கவில்லை, திட்டு எனக்குத்தான். செய்த வேலைக்குப் பாதிக் கூலியும் நின்றுபோனது, அது வேறு கதை.

ஃபின்களைக் கழற்றாமல் அவற்றுக்கு நடுவே படுக்கை லூவர் வைத்தோம். 10 செ.மீ. அகலப் பலகை மட்டமாக இருந்தால், சூரியன் 15 டிகிரி உயரத்தில் நேர் எதிரே நிற்கும்போது கீழே விழும் நிழல் 2.7 செ.மீ.தான். வெளி விளிம்பை 45 டிகிரி கீழே சாய்த்தால் பலகையே 7 செ.மீ. இறங்கி மறைக்கிறது, நிழலோடு சேர்த்து 9 செ.மீ. கிட்ட வரும். அதனால் 9 செ.மீ.க்கு ஒரு பலகை. அதற்கும் கீழே சூரியன் இறங்கினால் கொஞ்சம் வெயில் வரும், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளிப்பார்வை போய்விடுமே என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: போகும்தான். அந்த அறையில் பார்வையைவிட வெயில்தான் பிரச்சினை.

இப்போதெல்லாம் வரைபடத்தை நம்பாமல் மனையில் ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்து நட்டு, நிழலின் நுனியில் ஆணி அடித்து நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன். மாடலிலும் அதே குச்சி, அதே இடம், அதே தேதி, அதே நேரம். நிழலின் நீளம் ஒத்துப்போய்ச் சுவரோடு அது செய்யும் கோணம் மட்டும் மாறினால் வடக்கு தப்பு. நீளமும் மாறினால் ஊரின் இடக்குறிப்பையோ நேர மண்டலத்தையோ பாருங்கள். போன மாதம் வைத்த குச்சியில் 7 டிகிரி வித்தியாசம் வந்தது. அந்த வரைபடத்திலும் அழகான அம்பு இருந்தது.