அப்பாவை இழந்த சக ஊழியருக்கு என்ன எழுதுவது?

"அக்கா, இங்கே வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. பக்கத்து மேசையில் இருப்பவரின் அப்பா இறந்துவிட்டதாக இன்று காலை மேலாளரிடமிருந்து மெயில் வந்தது. எங்களுக்குள் பெரிய பழக்கம் இல்லை. வியாழக்கிழமை அறிக்கையை மட்டும் சேர்ந்து செய்வோம். சைக்கிள் பழுதுபார்க்க அப்பாதான் கற்றுக்கொடுத்தார் என்று ஒருமுறை சொன்ன ஞாபகம். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு. அவர் ஆன்மா சாந்தி அடையட்டும். காலம் உங்கள் காயத்தை ஆற்றும். எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்' என்று இந்த ஊர்க்காரர்களின் மொழியில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?"

தம்பி, இதை அப்படியே அனுப்ப வேண்டாம். நீங்கள் எழுதியதில் தப்பான எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அதைப் படிக்கும்போது அவர் எந்த நிலையில் இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். சரியாகத் தூங்கியிருக்க மாட்டார், ஃபோன் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும், கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள் குவிந்திருக்கும். அந்த நேரத்தில் வரும் செய்தி அவருக்குப் புதிதாக ஒரு வேலையும் வைக்கக் கூடாது. நான் இரங்கல் எழுதும்போது ஒவ்வொரு வரியையும் இந்த ஒரு கேள்வியால்தான் சோதிப்பேன்: இது அவருக்கு வேலை வைக்கிறதா?

உங்கள் நாலு வரிகளையும் அப்படிப் பாருங்கள். "ஆன்மா சாந்தி அடையட்டும்" என்பது நமக்கு வாயில் தானாக வருவது. அவருக்கு ஆன்மாவில் நம்பிக்கை உண்டா என்று உங்களுக்குத் தெரியாது. இல்லையென்றால், உங்கள் நல்ல மனதை மதித்து அந்த வரியை அவர்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். "காலம் ஆற்றும்" என்பது இன்று அழுகிறவரிடம் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசுவது. "ஈடுசெய்ய முடியாத இழப்பு" யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும், அவருடைய அப்பா அதில் எங்கேயும் இல்லை. கடைசி வரிதான் இருப்பதிலேயே கனமானது. என்ன உதவி தேவை என்று அவரே யோசித்து, அதை யாரிடம் கேட்கலாம் என்று முடிவெடுத்து, கூச்சத்தை விட்டுக் கேட்கவும் வேண்டும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

என் அம்மா இறந்தபோது நான் இங்கே வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வந்த செய்திகளில் பெரும்பாலானவை இன்று நினைவில் இல்லை. ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. அதிகம் பேசியிராத ஒருவர் எழுதியது: "உங்கள் அம்மா இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மிகவும் வருத்தமாக இருக்கிறது. மாதக் கடைசிக் கணக்கை நான் முடித்துவிடுகிறேன். பதில் எழுத வேண்டாம்." விமானத்துக்குக் காத்திருந்தபோது படித்தேன். அந்தக் கணக்கைப் பற்றி நான் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. ஆனால் ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

அதற்கு அடுத்த வருடம் இன்னொருவரின் தங்கை இறந்தபோது நான் பெரிய தப்புச் செய்தேன். எனக்கும் அந்த வலி தெரியும் என்பதால், "உங்கள் மனநிலை எனக்கு நன்றாகப் புரிகிறது" என்று தொடங்கி அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டேன். அவர் பதிலில் எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தார். தங்கையை இழந்தவர் என்னைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து இரங்கல் செய்தியில் என் கதையை நான் எழுதுவதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பழக்கம் இல்லை என்கிறீர்கள், ஆனால் சைக்கிள் பற்றி அவர் சொன்னது உங்கள் நினைவில் இருக்கிறதே! அது போதும். முதலில் அவர் பெயர், தினமும் கூப்பிடுவது போலவே. பிறகு இப்படி:

"உங்கள் அப்பா இறந்துவிட்டார் என்று இன்று காலை தெரிந்தது. மிகவும் வருத்தமாக இருக்கிறது. சைக்கிள் பழுதுபார்க்க அவர்தான் கற்றுக்கொடுத்தார் என்று ஒருமுறை என்னிடம் சொன்னீர்கள். இன்று அதுதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் திரும்பி வரும்வரை வியாழக்கிழமை அறிக்கையை நான் பார்த்துக்கொள்கிறேன், மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்."

அவ்வளவுதான். "இழப்பு", "மறைவு" என்று பொதுவாகச் சொல்வதைவிட "உங்கள் அப்பா" என்று எழுதுவது மனதுக்கு நெருக்கமாக இருக்கும். நம் மொழியில் "இறந்துவிட்டார்" சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். அதனால் அவர்கள் மொழியில் எந்தச் சொல் என்று குழப்பம் இருந்தால், மேலாளர் மெயிலில் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாரோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் வரியில் எதையும் சேர்க்காதீர்கள். நீங்கள் பார்த்தே இராத ஒருவரை "அருமையான மனிதர்" என்று எழுதினால் அது வெறும் உபசாரம் என்று தெரிந்துவிடும். அந்த நினைவும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு வரிகளை விட்டுவிடச் சொல்லியிருப்பேன், செய்திக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

அறிக்கை வரி மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். மேலாளரிடம் பேசி, உங்களால் தனியாக முடிக்க முடியும் என்று உறுதியான பிறகே அனுப்புங்கள். செய்கிறேன் என்று எழுதிவிட்டு அது நின்றுபோனால், அவர் திரும்பி வந்து அதையும் சரிசெய்ய வேண்டியிருக்கும். தனியாக முடியாது என்றால் சின்னதாக ஏதாவது சொல்லுங்கள்: அவருக்காகக் குறிப்பெடுத்து வைப்பது, அவர் பெயருக்கு வரும் கேள்விகளை வாங்கி வைப்பது. முடிகிற சின்ன வேலை போதும்.

எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். நமக்குப் பழகாத மொழியில் எழுதும்போது நம்பிக்கை இல்லாமல், வாழ்த்து அட்டையில் அச்சடித்த வாக்கியங்களைத் தேடி எடுக்கிறோம். அவர் மேசை அருகில் நின்று நேரில் சொல்ல வாய் வராத வரி எதுவோ அதை எடுத்துவிடுங்கள். இலக்கணம் ஓரிடத்தில் பிசகினாலும் பரவாயில்லை, அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மேலாளர் மெயிலுக்கு எல்லோருக்கும் போகும்படி பதில் போடாதீர்கள். அவருக்கு மட்டும் அனுப்புங்கள். சொந்த எண்ணை அவரே உங்களுக்குத் தந்திருந்தால் அதில் அனுப்பலாம், இல்லையென்றால் அலுவலக மெயில் போதும். அங்கே அவர் எப்போது பார்க்கிறாரோ அப்போது பார்க்கட்டும். எப்படி இறந்தார், எத்தனை வயது, உடம்புக்கு என்ன என்று கேட்க வேண்டாம். அக்கறையில்தான் கேட்போம், ஆனால் கேட்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கடைசி நாட்களை அவர் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

திரும்பி வரும் நாளில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, "உங்கள் அப்பா விஷயம் கேட்டு ரொம்ப வருத்தப்பட்டேன்" என்று ஒரு வரி சொல்லுங்கள். பேச விரும்பினால் பேசுவார், அப்போது கேட்டுக்கொண்டிருங்கள். தலையை மட்டும் அசைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினால் நீங்களும் அப்படியே விடுங்கள். சில பேருக்கு அழாமல் இருக்கக் கிடைக்கிற ஒரே இடம் அந்த மேசையாக இருக்கும், எனக்கு அப்படித்தான் இருந்தது.

இன்று மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். அதற்கு முன் மேலாளரிடம் அந்த அறிக்கையைப் பற்றிப் பேசிவிடுங்கள்.