பிளான் படிக்கத் தெரியாதவருக்கு வீட்டு வடிவமைப்பைக் காட்டுவது

வீட்டு பிளானைக் காட்டினால் வாடிக்கையாளருக்குப் புரிவதில்லை. குறை சொன்னால் எனக்குப் பதற்றம் வருகிறது. என்ன செய்யலாம்?

முதலில் 1:50 அளவில், கூரையைக் கழற்றிப் பார்க்கும்படி ஒரு வெள்ளை அட்டை மாதிரி செய்யுங்கள். வண்ணம் வேண்டாம், பூசினால் பேச்சு டைல்ஸ் பக்கம் போய்விடும். அப்புறம் வாக்த்ரூ, அதாவது வீட்டுக்குள் நடந்து போவதுபோல் கணினியில் செய்த வீடியோ. கேமரா கண் மட்டத்தில், சுமார் 1.6 மீட்டர் உயரத்தில், வாசலிலிருந்து மெதுவாக உள்ளே போகட்டும். அகலக் கோண லென்ஸ் அறையைப் பெரிதாகக் காட்டும், கட்டியபின் சண்டைதான்.

ஒருவர் என்னிடம் "ஹால் சின்னது" என்றார். உள்ளுக்குள் சுருக்கென்றது, ஆனாலும் வாதாடவில்லை. "எங்கே நிற்கும்போது அப்படித் தெரிகிறது?" என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொண்டேன். சோபாவைத் தாண்டிக் கதவுக்குப் போகும் வழியைக் காட்டினார். அளந்தால் 60 சென்டிமீட்டர்தான். முழு அளவில் தரையில் டேப் ஒட்டி அவரையே நடக்கச் சொன்னேன். கடைசியில் ஹாலைத் தொடவே இல்லை, கதவைத்தான் நகர்த்தினோம்.