நினைவுக் காணொளிகளை நீக்குவது எப்படி? – கேள்வி பதில்

அப்பா இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. கூகுள் போட்டோஸ் அவர் படங்களை இசையோடு கோத்துக் காட்டுகிறது. இரண்டு முறை நீக்கினேன். வேறு தலைப்பில் மீண்டும் வருகிறது. படங்கள் எனக்கு வேண்டும்.

நீங்கள் நீக்கியது படங்களைப் பூக்களாகக் கோத்த மாலையைத்தான். பூக்கள் கூடையிலேயே இருக்கின்றன. முகத்தையும் தேதியையும் இடத்தையும் வைத்துச் செயலி அடுத்த மாலையைக் கட்டிவிடும். எனவே அமைப்புகளில் Memories பகுதிக்குப் போய், Hide people & pets என்பதில் அப்பாவின் முகத்தைத் தேர்ந்தெடுங்கள். படங்கள் நூலகத்தில் அப்படியே இருக்கும்.

முகங்களின் பட்டியலை இறுதிவரை பாருங்கள். அவருடைய இளமை முகத்தையும் முதுமை முகத்தையும் செயலி இரண்டு ஆட்களாகப் பிரித்து வைத்திருக்கலாம். ஒன்றை மட்டும் மறைத்தால் மற்றொன்று வரும். கட்டிலும் கைகளும் மட்டும் தெரியும் மருத்துவமனைப் படங்களில் பிடிக்க முகமே இல்லை. அவற்றுக்கு Hide dates உண்டு. அவரை மருத்துவமனையில் சேர்த்த நாளிலிருந்து இறுதிச் சடங்கு வரையிலான தேதிகளைக் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: படத்தைத் திறந்து குப்பைத் தொட்டிச் சின்னத்தை அழுத்தாதீர்கள். அது மாலையை அல்ல, பூவையே எறிந்துவிடும்.

முகத்துக்கு வைத்த பெயரை அழித்தாலே போதுமே? நான் அப்படித்தான் செய்தேன்.

பெயர் போனால் தலைப்பில் பெயர் வராது, அவ்வளவுதான். முகத் தொகுப்பு இருக்கும்வரை அந்த முகம் வரும். முக அடையாளத்தையே மொத்தமாக அணைத்தால் தொகுப்புகள் அழியும். ஆனால் முகத்தைச் சொல்லி மறைக்கும் வழியும் அடைபடும், தேதியை வைத்துக் கட்டுபவை தொடரும்.

ஆண்டுத் தொகுப்பை நீக்கினால் போனில் இடம் கிடைக்குமா?

கிடைக்காது. நீங்கள் அதைச் சேமித்திருந்தால் மட்டும் அது தனிக் காணொளிக் கோப்பு. அதை நூலகத்திலிருந்து தனியாக அழிக்க வேண்டும். காப்பெடுக்கப்பட்ட கோப்பு 60 நாட்கள் வரை குப்பையில் கிடக்கும்.

ஐபோனில்?

தொகுப்பை அழுத்திப் பிடித்தால் Delete Memory வரும். ஒருவர் அடிக்கடி வருவதைக் குறைக்க Feature Less.

நீக்கினால் படங்களும் போய்விடுமா?

முதல் பதிலைப் படியுங்கள். போகாது. குப்பைத் தொட்டியை அழுத்தினால் போகும்.

மறைப்பது மறப்பதுதான். என் மகனின் படம் எதிர்பாராமல் வரும் நாள்தான் எனக்கு நல்ல நாள். ஏன் எல்லோரையும் மறைக்கச் சொல்கிறீர்கள்?

எல்லோரையும் மறைக்கச் சொல்லவில்லை, கேட்டவருக்குச் சொன்னேன். 2014 டிசம்பரில் ஃபேஸ்புக்கின் ஆண்டுத் தொகுப்பு, எரிக் மேயர் என்ற வலை வடிவமைப்பாளருக்கு அவ்வாண்டு இறந்த அவருடைய மகளின் படத்தைக் கொண்டாட்ட ஓவியங்களுக்கு நடுவே காட்டியது. அவர் கேட்காமலே வந்த படம் அது. எப்போது பார்ப்பது என்பதை, உறவை இழந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த எதிர்பாராமைதானே வேண்டும் என்கிறேன்?

அப்படியானால் எதையும் மறைக்காதீர்கள். உங்கள் மகன் வரட்டும். முதலில் கேட்டவருக்கு ஒன்று: அப்பாவை முழுதாக மறைக்க மனம் வராவிட்டால், நினைவுகளுக்கான அறிவிப்பை மட்டும் நிறுத்துங்கள். போன் தானாக அழைக்காது; நீங்கள் திறக்கும்போது அவர் இருப்பார்.