கடலில் காணாமல் போனவரின் வீட்டில் என்ன சொல்லி ஆறுதல் கூறுவது?

கேள்வி: என்னோடு படித்தவளின் அண்ணன் புயல் நேரத்தில் ஆழ்கடலில் இருந்தார், இன்னும் கரை திரும்பவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். என்ன பேசுவது, என்ன கொண்டு போவது?

பதில்:

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் கடலைக் கடந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பகுதி விசைப்படகுகள் பல கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தன. ஆழ்கடல் தங்கலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். தாழ்வு மண்டலம் ஒரே நாளில் புயலாக வலுத்தபோது அவர்களுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லை. அதன் பிறகு அந்த ஊர்களில் பல வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

போனதும் எதுவும் சொல்லாதீர்கள், வீட்டார் பேசுவதைக் கேளுங்கள். அவர்கள் "போய்விட்டான்" என்கிறார்களா, "இன்னும் வரவில்லை" என்கிறார்களா என்று கவனியுங்கள். உங்கள் பேச்சு அதைத் தாண்டக் கூடாது. உடல் கிடைக்காத வீட்டில் "அவர் ஆன்மா சாந்தியடையட்டும்" என்றால் அந்த மரணத்தை நீங்கள் அறிவித்ததாக ஆகிவிடும். "திரும்பி வந்துவிடுவார், பாருங்கள்" என்பதும் அதே அளவு தவறு. இரண்டும் உங்களுக்குத் தெரியாத விஷயங்கள். ஒக்கியில் கரை சேர்ந்தவர்களில் சிலர் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் ஒதுங்கியவர்கள். அதனால் பல நாள்கள் வரை காத்திருந்ததில் நியாயம் இருந்தது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்த மக்கள் முதலில் கேட்டதும் தேடுதலைத்தான்.

ஒரே வீட்டுக்குள்ளும் ஒரே பதில் இருக்காது. நான் போன ஒரு வீட்டில் மனைவி தாலியைக் கழற்றி வைத்திருந்தார், தாயோ மகனுடைய சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று எண்ணி, கூட வந்த ஒருவர் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். "எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது, மகளே" என்று அந்தத் தாய் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது கோபமில்லை. அந்தச் சோற்றை வாங்கினால் மகன் இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதுதான் அவருடைய மறுப்பு. ஆகவே எதையும் கொண்டுபோகும் முன் வீட்டுக்கு நெருங்கிய ஒருவரிடம் கேளுங்கள். மாலையும் மெழுகுவர்த்தியும் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

அந்த வீட்டில் மிகக் கடினமான நாள் ரத்தம் கொடுக்கப் போன நாள். கேரளக் கடற்கரையில் கரை ஒதுங்கிய உடல்களை முகம் பார்த்து அடையாளம் காண முடியவில்லை, டி.என்.ஏ. சோதனைதான் ஒரே வழி. அதற்குப் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்ற ரத்த உறவுகளின் மாதிரி வேண்டும், மனைவியின் மாதிரி உதவாது. பிள்ளை மிகச் சிறியவன் என்பதால் தாயைத்தான் அழைத்தார்கள். மகன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருப்பவரிடம், பிணவறையில் இருக்கும் உடலோடு ஒப்பிட ரத்தம் கேட்டார்கள். சுற்றியிருந்த உறவினர் எல்லோரும் "போய்க் கொடுத்துவிடுங்கள், மனம் அமைதியாகும்" என்றார்கள். மருமகள் மட்டும், "மாமி, நீங்கள் எப்போது போகலாம் என்று சொல்கிறீர்களோ அப்போது நானும் வருகிறேன். போக வேண்டாம் என்றால் இங்கேயே இருக்கிறேன்" என்றார். மறுநாள் இருவரும் போனார்கள். அன்று அங்கே கேட்ட ஒரே ஆறுதல் வார்த்தை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

நீங்களும் அப்படிக் கேளுங்கள். "ஏதாவது தேவை என்றால் சொல்லுங்கள்" என்று விட்டுவந்தால், யோசிக்கும் வேலையும் அவர்கள் தலையில்தான் விழும். "வியாழக்கிழமை தாலுகா அலுவலகம் போகிறேன், உங்கள் காகிதங்களின் நகல் எடுத்து வரவா, வேண்டாமா?" என்று மறுக்க இடம் வைத்துக் கேட்கலாம். காகிதங்கள் ஏராளம்: காணவில்லை என்ற போலீஸ் புகார், மீனவர் அடையாள அட்டை, படகின் பதிவுச் சான்று, வாரிசுச் சான்று. காணாமல் போனவர் இறந்ததாகச் சட்டம் கருதுவதற்குப் பொதுவாக ஏழு ஆண்டுகள் ஆகும். ஒக்கியில் அதற்குக் காத்திராமல் நிவாரணம் தந்தார்கள். இதை எல்லாம் தெரிந்துகொண்டு போங்கள், ஆனால் அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

பணப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். தமிழக அரசு 20 லட்சம் அறிவித்த பிறகு, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் "பணம் வந்துவிட்டதா?" என்று கேட்டதைக் காதால் கேட்டேன். அந்தத் தொகை மனைவிக்கா, பெற்றோருக்கா என்ற பிணக்கு பல வீடுகளில் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. நீங்கள் யாருக்கும் பரிந்து பேசினால் இன்னொருவருக்கு அந்நியராகிவிடுவீர்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கல்லறையே இல்லாத வீட்டுக்கு அது கனத்த நாள். அதற்கு முன் உங்கள் தோழியைத் தொலைபேசியில் அழைத்து, அன்று யாராவது உடனிருந்தால் நல்லதா, தனியே விட்டால் நல்லதா என்று அவளிடமே கேளுங்கள். தனியே விடச் சொன்னால் அடுத்த வாரம் போங்கள்.